ஆயிரம் மில்லி

கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்குகிறது.
இடப்பக்கக் கட்டத்தில் உள்ளே போனது.
வலப்பக்கக் கட்டத்தில் வெளியே வந்தது.
நடுக்கோட்டில் அம்மா படுத்திருக்கிறாள்.

படுத்திருக்கிறாள் என்பது தவறு.
தலைப்பக்கம் 45 டிகிரிக்குத் தூக்கியிருக்கிறது.
மட்டமாகச் சாய்ந்தால் காலில் தேங்கிய நீர்
திரும்பி வந்து நெஞ்சுக்குள் தளும்பும்.

சேர்த்த அன்று, "எத்தனை தலையணை?" என்றார் டாக்டர்.
மூச்சை அளக்க இங்கே தலையணைதான் படி.
கோரைப்பாயில் கையை மடித்துத்
தலைக்கு வைத்துத் தூங்கிப் பழகியவள்
தை மாசம் ஒன்று கேட்டாள், மாசியில் இரண்டு,
பங்குனியில் பேரனுடையதையும் இழுத்துக்கொண்டாள்.
"ஆர்த்தாப்னியா, த்ரீ பில்லோ"
என்று ஒரே வரியில் முடித்தார் டாக்டர்.
வீட்டில் அதற்குக் கழுத்துவலி என்று பெயர்.
ராத்திரி ஒரு மணிக்குத் திணறி எழுந்து
சன்னல் கம்பியைப் பிடித்து நின்றதற்குப் புழுக்கம் என்று பெயர்.
மூன்று மாசமாக ஒரு சொல்லை இன்னொரு சொல்லால்
மூடி வைத்திருந்தாள், பால்சட்டியை மூடுவதுபோல.

எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். 28 சதவீதம்.
35-க்குக் கீழே என்றால் ஃபெயில்தானே
என்று நின்றாள் மகள்.
நல்ல இதயமும் நூறு வாங்காதும்மா,
நிரம்பிய ரத்தத்தில் 55-லிருந்து 70 சதவீதம் வரைக்கும்தான் தள்ளும்,
மிச்சத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும்
என்றார் பி.ஜி. டாக்டர்.
ஆறுதலாகத்தான் இருந்தது,
கீழே "ஹார்ட் ஃபெயிலியர்" என்று வாசிக்கும்வரை.
நின்றுபோனது என்று அர்த்தமில்லையாம்,
இறைக்க முடியாமல் இறைக்கிறது என்று அர்த்தமாம்.
"வோல்டேஜ் கம்மியில ஓடுற மோட்டாரு"
என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.
அந்த அறையில் அன்றைக்குச் சொன்னதிலேயே
சரியான விளக்கம் அதுதான்.

இனி ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லி.
தண்ணீர் மட்டுமில்லை, வாய்க்குள் வழுக்கிப் போகிற எல்லாமும்.
காபி 100.
மாத்திரைக்கு வேளைக்கு 50, மூன்று வேளை.
கஞ்சி 200. ரசம் 100.
மிச்சம் 450,
சித்திரை மாசத்துத் தாகத்துக்கு.
உப்பு, சமைத்ததில் சேர்ந்தது உட்பட,
நாளெல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள்.
ஊறுகாய், அப்பளம், கருவாடு:
பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம் என்றார் சிஸ்டர்.
சொன்னால் நாக்கில் ஊறுவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

களத்துமேட்டில் நின்றவர்களுக்கெல்லாம்
சொம்பு சொம்பாக ஊற்றிக் கொடுத்த கை,
சிரப் மூடியை விளிம்புவரை நிரப்பி
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறது,
கோடு தாண்டாமல் இருக்கிறதா என்றில்லை,
குறைத்து ஊற்றினார்களா என்று.

தாகத்தை ஏமாற்ற வழிகள் உண்டு.
ஐஸ்கட்டி ஒன்று (உருகினால் 20, அதையும் எழுதணும்).
எலுமிச்சைக் கீற்றை நாக்கில் தேய்க்கலாம்.
பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றலாம்.
வாய் கொப்பளித்துத் துப்பலாம்.
கொப்பளிக்கக் கொடுத்தது 50,
கிட்னி ட்ரேயில் துப்பியது 30.
"மிச்சம் எங்க பாட்டி?"
பாட்டி சுவரைப் பார்க்கிறாள்.
"நான்-கம்ப்ளையன்ட்" என்று கேஸ் ஷீட்டில் ஏறியது
அந்த இருபது மில்லி.

காலை எட்டுக்கு, நீர் பிரிய, ஃபுரோஸமைடு ஊசி, 80 மில்லிகிராம்.
அவசரப்படாமல் மெதுவாகத் தள்ளணும்.
வேகமாகப் போனால் காதில் இரையும்.
அரை மணியில் குழாய் வேலை செய்யும்.
பை நிறைய நிறைய ரவுண்ட்ஸில் முகங்கள் மலர்கின்றன.
"அவுட்புட் 1900, நெகட்டிவ் பேலன்ஸ் 900, வெரி குட்."
கடன் வளர வளரக் கைகுலுக்குகிற கணக்கு இது ஒன்றுதான்.

மாப்பிள்ளை பார்க்க வருகிறார், நாலு மணிக்கு.
அம்மா போர்வை நுனியைக் கீழே இழுத்துவிடுகிறாள்,
கட்டிலோரம் தொங்கும் மஞ்சள் பை தெரியாதபடி.
சிஸ்டர் வந்து விலக்குகிறார்:
பை இடுப்புக்குக் கீழே இருக்கணும்,
தரையில் படக்கூடாது, குழாய் மடியக்கூடாது,
மடிந்தால் தேங்கும், தேங்கினால் கிருமி.
எல்லாம் சரி.
சிஸ்டர் நகர்ந்ததும் மறுபடி இழுக்கிறாள்.
ஐம்பது வருஷம் விடியுமுன் எழுந்து
ஒருவர் கண்ணிலும் படாமல் ஒதுங்கி வந்தவள்.
மாப்பிள்ளை நல்ல மனுஷன்,
சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தை
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொட்டாசியம் 3.1, குறைவு.
நீரோடு சேர்ந்து அதுவும் போய்விடுகிறது.
அதற்கொரு சிரப், குமட்டுகிற சிரப்.
சிரப்பும் கணக்கில் 15.

(வியர்வைக்கு மட்டும் கட்டமில்லை.
மின்விசிறி நின்ற இரவுகளில்
எவ்வளவு போயிருக்கும், அது யாருக்குத் தெரியும்.)

விரலில் மாட்டிய கிளிப்பில் எண் வரவில்லை.
திரையில் கோடு கோடாக ஓடுகிறது, அலாரம் கத்துகிறது.
பயப்பட வேண்டாம், கை சில்லிட்டிருக்கு,
ரத்த ஓட்டம் விரல் நுனிக்கு வரலை,
தேய்ச்சு விடுங்க என்கிறார் டியூட்டி டாக்டர்.
மகள் கையை எடுத்து இரண்டு உள்ளங்கைக்குள் பொத்துகிறாள்.
கடைசியாக இந்தக் கையைப் பிடித்தது
ரோடு தாண்டும்போதா, கல்யாணத்தன்றா?
ஒரு நிமிஷம்.
91. 93. 94.
"சாச்சுரேஷன் ஓகே" என்று டாக்டர் போகிறார்.
கை இன்னும் அங்கேயே இருக்கிறது.

கால் முன்னெலும்பில் கட்டைவிரலால் அழுத்துகிறார்கள்.
எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கிறது.
"பிட்டிங் எடிமா, டூ ப்ளஸ்."
கொழுக்கட்டை மாவு இந்தப் பதத்தில்தான் இருக்கணும்
என்கிறாள் அம்மா.
மெட்டி சதைக்குள் புதைந்து கிடக்கிறது.
கட்டர் வைத்து நறுக்கிடலாமா என்று கேட்டதற்கு
அவர் இருக்கிறவரைக்கும் கூடாது என்றாள்.
அவர் ஊரில் மாட்டைப் பார்த்துக்கொள்கிறார்,
போனில் தினமும் ஒரே கேள்வி: "சாப்பிட்டாளா?"

எடை காலை ஆறு மணிக்கு,
சாப்பிடுமுன், அதே சேலையில், அதே தராசில்.
61.4. 60.5. 59.6. 58.8.
நாலாம் நாள் மெட்டி தானாகக் கழன்று
போர்வை மடிப்பில் கிடந்தது.
"ரெஸ்பான்டிங் வெல்" என்றார்கள்.
மகள் அதை நூலில் கோர்த்து
அம்மாவின் மணிக்கட்டில் கட்டினாள், ஊசிக் கையை விட்டு.

இரவு பதினொன்றே முக்கால்.
கணக்கில் இன்னும் 30 பாக்கி.
மூடியில் ஊற்றி நீட்டினால்
அம்மா வாங்கவில்லை.
"நீ தண்ணி குடிச்சியா?"
"குடிச்சேம்மா."
"எப்போ?"

அட்டெண்டர்களுக்குக் கழிப்பறை கீழ்மாடியில்.
போய்த் திரும்புவதற்குள் டாக்டர் வந்துவிட்டால்?
அதோடு, இந்தக் கண் முன்னால் பாட்டிலைத் திறக்க
காலையிலிருந்து மனசு வரவில்லை.
அட்டையில் அவளுக்குப் பெயரில்லை, கட்டமுமில்லை.

"எனக்குக் கேக்குற மாதிரி குடி."

மகள் திரும்பி நின்று பாட்டிலைச் சாய்க்கிறாள்.
இருட்டில் மடக் மடக்கென்று சத்தம்.
45 டிகிரியில் சாய்ந்தபடி
ஆக்ஸிஜன் குழாய்க்குக் கீழே
உதடு மட்டும் அசைய
அம்மா எண்ணுகிறாள்:
ஒண்ணு.
ரெண்டு.
மூணு.
இன்னும் குடி.