சிறுநீர் டியூபுடன் வீடு திரும்புவோருக்கு: டிஸ்சார்ஜ் வீடியோ வசனம்

காட்சி 1: கட்டிலோரம் தொங்கும் பை.
குரல்: பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும், தரையில் படக்கூடாது. மேலே தூக்கினால் சிறுநீர் உள்ளே திரும்பித் தொற்று வரும். பலரும் படுக்கை விரிப்பு மாற்றும்போது பையை வயிற்றின் மேல் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

காட்சி 2: கைகள், அளவு ஜாடி.
குரல்: பை பாதிக்கு மேல் நிரம்பியதும் காலி செய்யுங்கள். காலி செய்வதற்கு முன்னும் பின்னும் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பையின் அடிக்குழாய் முனை ஜாடியைத் தொடக்கூடாது.

காட்சி 3: தொடைக்கடியில் நசுங்கிய டியூப்.
குரல்: சிறுநீர் இறங்கவில்லையா? முதலில் இந்த மடிப்பை நிமிர்த்துங்கள். அப்படியும் வராமல் அடிவயிறு உப்பினாலோ, ரத்தக்கட்டி தெரிந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ உடனே டிஸ்சார்ஜ் தாளில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். டியூபை இழுக்கவே இழுக்காதீர்கள். உள்ளே நீர் நிரப்பிய பலூன் இருக்கிறது, சிறுநீர்ப் பாதை கிழிந்துவிடும்.