தூக்கட்டுமா, போகலாமா: ஷல் பழகும் உரையாடல்

"டீ போடட்டுமா?" என்று கேட்பவருக்கு "ஷல் ஐ மேக் டீ?" பாதி வந்துவிட்டது. நம் "-அட்டுமா" ஆங்கிலத்தில் "ஷல் ஐ". "போகலாமா?" என்பது "ஷல் வீ கோ?" "போகலாம், என்ன?" என்று சம்மதம் கேட்டு இழுத்தால் "லெட்ஸ் கோ, ஷல் வீ?"

"வில் ஐ மேக் டீ?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கு "நான் டீ போடுவேனா?" என்று பொருள். எதிரில் இருப்பவர் ஜோசியமா சொல்ல முடியும்?

மதுரை மாட்டுத்தாவணியில் கவிதா அக்காவும் செல்வியும் திருச்சி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். செல்வி தமிழில் பேசுவதை எல்லாம் நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். விடையை அப்புறம் பார்க்கலாம்.

கவிதா அக்கா: திஸ் பேக் இஸ் வெரி ஹெவி.
செல்வி: (1) நான் தூக்கட்டுமா?
கவிதா அக்கா: யெஸ், ப்ளீஸ். ஐ ஆம் டயர்ட்.
செல்வி: (2) டீ குடிக்கலாமா?
கவிதா அக்கா: யெஸ், லெட்ஸ். பட் நோ ஷுகர் ஃபார் மீ.
செல்வி: (3) டீக்கடைக்காரர்கிட்ட நான் சொல்லட்டுமா?
கவிதா அக்கா: நோ, தேங்க்ஸ். ஐ வில் டெல் ஹிம். ஓ, இட்ஸ் ரெய்னிங்!
செல்வி: (4) உள்ளே உட்காரலாம், என்ன?
கவிதா அக்கா: ஓகே. லுக், தட் பஸ் இஸ் ஃபுல்.
செல்வி: (5) அதில் போக வேண்டாம், என்ன?
கவிதா அக்கா: நோ, லெட்ஸ் நாட்.
செல்வி: (6) அடுத்த பஸ் எப்போது என்று கேட்கட்டுமா?
கவிதா அக்கா: யெஸ், ப்ளீஸ்.

விடைகள்

1. ஷல் ஐ கேரி இட்? தமிழில் "அதை" என்று சொல்லாமலே விட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் "இட்" கட்டாயம் வேண்டும்; பலருக்கும் நழுவுகிற இடம் இதுதான்.

2. ஷல் வீ ஹேவ் டீ?

3. ஷல் ஐ டெல் ஹிம்? "டெல் டு ஹிம்" வேண்டாம். "அவர்கிட்ட" என்பதில் வரும் "கிட்ட"வுக்கு ஈடு தேடித்தான் அந்த "டு" நுழைகிறது.

4. லெட்ஸ் சிட் இன்சைட், ஷல் வீ? "இன்சைட்" முடிந்ததும் சின்ன இடைவெளி விடுங்கள். "லெட்ஸ்" என்று தொடங்கினால் வால் "ஷல் வீ"தான். "வில் வீ", "டோன்ட் வீ" எதுவும் ஒட்டாது.

5. லெட்ஸ் நாட் டேக் தட் பஸ், ஷல் வீ? "வேண்டாம்" என்று சொன்னாலும் வால் மாறவில்லை, கவனித்தீர்களா?

6. ஷல் ஐ ஆஸ்க் அபவுட் த நெக்ஸ்ட் பஸ்? அமெரிக்கர்கள் இங்கே பெரும்பாலும் "ஷுட் ஐ" என்பார்கள். அப்படிக் கேட்டால் திகைக்க வேண்டாம், இரண்டும் சரி.

இனி பக்கத்தில் இருப்பவரோடு வாய்விட்டுப் பேசுங்கள். ஒருமுறை முடிந்ததும் நீங்கள் அக்காவாகுங்கள், அவர் செல்வியாகட்டும்.