திருச்சபையில் சேர விரும்பிக் கேட்டிருந்தீர்கள்: எங்கள் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். தை மாதத் திருமணத்துக்குள் ஞானஸ்நானம் பெற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த அவசரத்தை எடுத்துவிடுகிறோம்: கத்தோலிக்கரை மணக்க நீங்கள் கத்தோலிக்கராக வேண்டியதில்லை. பங்குத்தந்தை வழியாக ஆயரிடம் விதிவிலக்கு பெற்றுக் கோயிலிலேயே திருமணம் நடத்தலாம். தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளை அதில் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் மாப்பிள்ளைதான் வாக்குக் கொடுப்பார். உங்களுக்கு அதைத் தெரிவிப்பார்கள், உங்களிடம் வாக்குறுதி கேட்பதில்லை. கல்யாணத் தேதிக்காகப் பெறும் ஞானஸ்நானம் பெரும்பாலும் ஆல்பத்தோடு முடிந்துவிடுகிறது. அதனால் இரண்டையும் தனித்தனியாகவே வையுங்கள்.

இனி, சேரும் வழி. இப்போதைக்கு ஞாயிறு திருப்பலிக்கு வந்து பாருங்கள். நற்கருணை வாங்க மற்றவர்கள் எழுந்து போகும்போது நீங்கள் இருக்கையிலேயே இருக்கலாம். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். கேள்விகள் இருந்தால் மறைக்கல்வி கற்பிக்கும் வேதியரிடமோ எங்களிடமோ கேளுங்கள். மனம் ஒப்பினால் ஏற்புச் சடங்கு நடக்கும். அதிலிருந்து நீங்கள் புகுமுக நிலையினர், அதாவது ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர். வாராவாரம் மறைக்கல்வி இருக்கும். மனப்பாடத் தேர்வு எதுவும் கிடையாது, ஆனால் ஜெபிக்கவும் திருப்பலிக்கு வரவும் பழகுகிறீர்களா என்று பார்ப்போம்.

ஆயத்தமாகிவிட்டால், தவக்காலத்தின் முதல் ஞாயிறான 2027 பிப்ரவரி 14 அன்று, ஞானஸ்நானத்துக்கு உங்களைத் தேர்ந்துகொள்ளும் சடங்கு. தவக்காலத்தின் 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் உங்களுக்காகச் சிறப்பு ஜெபங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாளான மார்ச் 27 இரவு, பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு என்கிற ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாக. அதற்குள் தயாராகவில்லை என்றால் அடுத்த ஆண்டு. அதில் குறை ஒன்றுமில்லை.

ஞானத்தாயோ ஞானத்தந்தையோ ஒருவர் வேண்டும்: உறுதிப்பூசுதல் பெற்ற, பொதுவாக 16 வயது நிரம்பிய கத்தோலிக்கர். வருங்காலக் கணவரைவிட வேறொருவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அவர் முன்னால் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்வது கடினம். உங்களுக்கு முன்பே ஏதாவதொரு சபையில் திருமுழுக்கு நடந்திருந்தாலோ, முன்பு திருமணம் நடந்திருந்தாலோ முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். செல்லத்தக்க திருமுழுக்கை மறுபடி தருவதில்லை. முந்தைய திருமணத்தை ஆராயவோ மாதங்கள் ஆகும். கடைசி வாரத்தில் தெரியவந்தால் எல்லாமே தள்ளிப்போகும்.

இன்னொன்றைப் பலர் சொல்லத் தயங்குவார்கள். நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், கிறிஸ்தவரான பின் அந்த இடஒதுக்கீடு கிடைக்காது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அது இன்று இந்து, சீக்கிய, பவுத்த சமயத்தவருக்கே. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவீர்கள். வேலை, படிப்பு சம்பந்தப்பட்டது என்பதால் வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள்.

இதற்குக் கட்டணம் இல்லை. பெயரை மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. அம்மா அப்பாவை விட்டு விலகச் சொல்லவும் மாட்டோம். வழியில் எந்தக் கட்டத்திலும் நின்றுகொள்ளலாம், காரணம் கேட்கமாட்டோம்.

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் கோயில் அலுவலக வாசலில் எங்களில் ஒருவர் இருப்பார். சான்றிதழ் எதுவும் இப்போது தேவையில்லை. நீங்கள் வராவிட்டால் நாங்கள் தேடி வந்து கேட்கமாட்டோம்.

அன்புடன்,
பங்கு மறைக்கல்விக் குழு, மதுரை