கவிதா, அந்தப் பந்திப் படம் பற்றி

கவி, அலைச்சலெல்லாம் தீர்ந்து கொஞ்சம் தூங்கினாயா? தங்கச்சி எப்படி இருக்கிறாள்? அவ்வளவு நேரம் மணையில் உட்கார்ந்திருந்தாளே, கால் வீக்கம் வடிந்ததா?

வளைகாப்பு ரொம்ப நிறைவாக இருந்தது. நேற்று ராத்திரி நீ ஃபேஸ்புக்கில் போட்ட படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையலோடு, கன்னத்துச் சந்தனம் காயாமல் அவள் நிமிர்ந்து பார்க்கிற படத்தை அம்மாவிடமும் காட்டினேன். "அப்படியே அவ பாட்டி முகம்" என்றார்கள்.

அதில் ஒரே ஒரு படத்தை மட்டும் நீ எடுத்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பந்தியில் உன் அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற படம். நான் இலைமேல் குனிந்து, வாய் நிறைய புளிசாதத்தோடு இருக்கிறேன். அதுவரை பரிமாறிக்கொண்டிருந்ததில் ஜாக்கெட் வியர்வையில் நனைந்திருக்கிறது, முந்தானை விலகியிருக்கிறது. யாரோ கூப்பிட்டுத் திரும்பிய நொடியில் எடுத்தது போல, கண் பாதி மூடியிருக்கிறது.

நீ அதை ஏன் போட்டாய் என்று எனக்குத் தெரியும். அதில் உன் அம்மா சிரிக்கிறார்கள். அப்பா போன பிறகு அவர்கள் அப்படிச் சிரித்து நானும் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்கிற அவசரத்தில் பக்கத்தில் இருக்கிறவள் எப்படி இருக்கிறாள் என்று யார் கவனிப்பார்கள்? உன்மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

ஆனால் காலையில் அதன் கீழே வந்த கமெண்டுகளைப் பார்த்தேன். "இது யாரு, அடையாளமே தெரியலையே" என்று ஒருவர். "கல்யாணத்தப்போ எப்படி இருந்தா!" என்று என் மாமியார் வழியில் ஒரு சித்தி. தைராய்டு குறைந்து முகம் உப்பியதும் எடை ஏறியதும் உனக்குத் தெரியும். ஆபீசில் கூட நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு, தயாராக இருக்கிற நாளில், என் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இப்போது அந்தப் படம் எனக்கு முன்னால் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டது. அதுதான் மனதை அறுக்கிறது. மற்றபடி குண்டாகத் தெரிகிறேன் என்பதற்காக மட்டும் என்றால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். தங்கச்சிக்கு நான் வளையல் போடுகிற படத்திலும் அதே உடம்புதான். அது எனக்குப் பிடித்திருக்கிறது. அதை எடுத்துவிடாதே.

டேக்கை நான் காலையிலேயே நீக்கிவிட்டேன். ஆனால் அதில் என் பெயர்தான் போகும், படம் அங்கேயே இருக்கும். போட்டவர்தான் அதை அழிக்க முடியும். ஆல்பம் முழுவதையும் தொட வேண்டாம். அந்தப் படத்தை மட்டும் திறந்து, ஓரத்தில் இருக்கிற மூன்று புள்ளியை அழுத்தினால் Delete photo என்று வரும். மற்ற படங்களும் அவற்றுக்கு வந்த வாழ்த்துகளும் அப்படியே இருக்கும்.

அப்புறம், நம் காலேஜ் வாட்ஸப் குரூப்பிலும் அதே படம் இருக்கிறது. அங்கே Delete for everyone கொடுத்துவிடு. இரண்டரை நாள் தாண்டினால் அந்த வசதி வராது என்பதால்தான் இன்றைக்கே சொல்கிறேன். அதற்குள் யாராவது இறக்கி வைத்திருந்தால் வைத்திருக்கட்டும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. குரூப்பில் "அவள் எடுக்கச் சொன்னாள்" என்றோ, மன்னிப்பு மாதிரியோ எதுவும் எழுத வேண்டாம்டி. சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் போதும். அந்தச் சித்திக்கும் நீ பதில் போடாதே. அவர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அம்மாவின் சிரிப்பை விட மனமில்லை என்றால், என் பக்கத்தை வெட்டிவிட்டு அவர்களை மட்டும் மறுபடி போடு. அவர்கள் இடது ஓரத்தில்தான் இருக்கிறார்கள், பின்னால் வாழைமரமும் தெரிகிறது. வெட்டினால் இன்னும் நன்றாகவே வரும் என்று நினைக்கிறேன். உனக்கு நேரமில்லை என்றால் முழுப் படத்தை எனக்கு அனுப்பு, நானே வெட்டித் தருகிறேன். என்னிடமும் அந்தச் சிரிப்பு ஒன்று இருக்கட்டும்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். பேசினால் அழுதுவிடுவேனோ என்று தோன்றியது, நீயும் பதறிப்போவாய். அதனால்தான் எழுதினேன். படித்ததும் உடனே பதில் எழுத வேண்டும் என்றில்லை, கை ஒழிந்ததும் படத்தை மட்டும் எடுத்துவிடு.

சனிக்கிழமை கும்பகோணம் வருகிறேன். தங்கச்சி நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டாளே, அம்மா போட்டு வைத்திருக்கிறார்கள், கொண்டுவருகிறேன்.

மீனா