நடுமேடு

கருமாதி முடிந்து ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் மகள் தெய்வானை விரிப்பை மாற்றினாள். மெத்தைக்கு நல்லதென்று தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பியும் போட்டுவிட்டாள்.

வயிரவன் செட்டியாருக்கு அது ஏழு மாதம் தெரியாது. முகப்புத் திண்ணையில் கோரைப்பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார். ஐப்பசிச் சாரல் பாயை நனைத்த ராத்திரிதான் அறைக்குள் போனார்.

இலவம்பஞ்சு மெத்தை, ஆறரை அடிக்கு ஐந்தடி. கொட்டித் தைத்துப் பதினோரு வருஷம் ஆயிற்று. சுவரோரம் அவர், வெளிப்பக்கம் அழகம்மை. நாலரைக்கு எழுந்து கோலம் போடுகிறவள் அவள். அதனால் ஸ்விட்ச், டார்ச், தண்ணிச் செம்பு எல்லாம் அந்தப் பக்கம்.

சுவரோரம் படுத்தார். இரண்டு மணிக்கு இடுப்பு கடுத்து முழிப்பு வந்தது. மறுநாளும் அதே இரண்டு மணி. ஆள் போன துக்கம் என்றுதான் நினைத்தார். மூன்றாம் நாள் பகலில் விரிப்பை எடுத்துவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பள்ளம் ஆழமில்லை, நீளமும் குறைவு. அவருடையது இல்லை அது. அவள் ஐந்தடி இருந்தால் அதிகம். மெத்தை தலைகீழாகக் கிடந்ததில் அவள் இடுப்புப் பள்ளம் அவர் தொடைக்கு வந்து, இவர் இடுப்பு மேட்டில் நின்றிருக்கிறது.

25 கிலோவுக்குக் குறையாத மெத்தை, தூக்குகிற வயசில்லை. ஒரு மூலையைப் பிடித்து இழுப்பது, சுற்றி வந்து அடுத்த மூலையை இழுப்பது, செக்கு மாடு மாதிரி. அரைமணி நேரத்தில் பழையபடி ஆனது. அன்றைக்கு ஐந்து மணி வரை தூங்கினார்.

ஆனால் பக்கத்துப் பள்ளம் காலியாக இருந்தது. தலையணையை வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவிலிருந்த மேட்டில் ஏறி அது இவர் பக்கமே உருண்டு வந்தது. ராத்திரி ஒன்றுக்குப் போக அந்தப் பள்ளத்தைத் தாண்ட மனசில்லாமல் கால்மாட்டு வழியாக இறங்குவார். கால்மாட்டுப் பலகையில் முட்டி இடிக்கும், நீலம் பாரித்திருந்தது.

"அப்பச்சி, ஒத்தக் கட்டில் ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமா?" போனில் தெய்வானை.

"வேணாந்தா. இந்தக் கட்டிலை எங்க போடுறது? உங்க ஐயா ரூமுக்குள்ள வச்சே ஆசாரியவிட்டுப் பூட்டினது. நிலையில நுழையாது."

மார்கழியில் ஒருநாள் பகலில் போன கரண்ட் நடுச்சாமத்தில்தான் வந்தது. ஐந்தில் வைத்து மறந்த ஃபேன் பனிக்குளிரில் சுழல ஆரம்பித்தது. இறங்கிச் சுற்றிவரச் சோம்பல். மேட்டின் மேல் குப்புறக் கிடந்து கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தார். அப்படியே தூங்கியும் போனார். காலையில் முதுகு பிடித்துக்கொண்டது.

தை பிறந்ததும் காரைக்குடியிலிருந்து மெத்தைக்கார பாயை வரச் சொன்னார். முற்றத்தில் காற்று பஞ்சை அள்ளிக்கொண்டு போகும் என்று பாய் பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டார். உறையைப் பிரித்ததும் இரண்டு பள்ளத்துப் பஞ்சும் அடை அடையாகப் பெயர்ந்து வந்தன, புளி மாதிரி. பாய் அதை உதிர்த்து, உள்ளே கிடந்த கறுப்பு விதைகளைத் தள்ளினார். விதை இருந்தால் எலி வரும்.

"அடிச்சா எல்லாம் ஒண்ணாக் கலந்துரும் செட்டியாரே," என்றார் தயங்கி. எதையோ புரிந்துகொண்டவர்.

செட்டியார் வெளிப்பக்கத்து அடை ஒன்றை எடுத்தார். பிய்த்துப் பார்த்தார். உள்ளே இன்னும் மினுமினுப்பு இருந்தது.

"கலக்கத்தானே வேணும். அடிங்க."

புதுப்பஞ்சு மூன்று கிலோ சேர்த்து, பொழுது சாய்வதற்குள் தைத்து முடித்தாயிற்று. மெத்தை வயிறு உப்பிக் கிடந்தது. பாய் கூலியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பதினஞ்சு நாளைக்கு நடுவுல படுங்க. ஓரமாப் படுத்தா ஓரம் அமுங்கிரும், நடு மேடாவே நின்னுரும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

வேலையென்று வந்தபின் செய்யாமல் இருக்க அவரால் முடியாது. முதல் ராத்திரி நடுவில் படுத்தவர் சுவர்ப்பக்கம் உருண்டார். இரண்டாம் ராத்திரியும். கை காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சவம் மாதிரி நீட்டிக் கிடப்பதாகத் தோன்றி ஒருக்களித்துக்கொண்டார். ஏழாம் நாள் ஒரு கால் தானாக வெளிப்பக்கம் போயிருந்தது. அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளவில்லை.

மாசியில் ஒருநாள் நாலரைக்கு விழிப்பு வந்தது. ஸ்விட்ச் முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எப்போது அந்தப் பக்கம் வந்தோமென்று யோசித்தார். செம்பை எடுத்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். ஃபேனை ஒன்றில் வைத்துவிட்டு மறுபடி படுத்தார்.