வருடாந்த அப்ரைசலுக்கான என்ட சுயமதிப்பீடு: ஸ்டோர்ஸ், 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

சேர், இந்த முறை ஃபோம்ல ஒற்றை வரியில நிரப்பாம சொந்தப் பேச்சில விளக்கமா எழுதித் தாங்க எண்டு எச்ஆர் மிஸ் சொன்னவ, அதால அப்பிடியே எழுதுறன். கணக்கு வாற இடத்தில அது எந்தக் கொப்பியில இருக்கு எண்டும் போட்டிருக்கன். எது என்ட வேலை, எது மற்றாக்கள்ட வேலை எண்டும் பிரிச்சு எழுதப் பாத்திருக்கன்.

முதல் மீன், ஏனெண்டா இந்த வருசம் நான் கூட நேரம் போட்டது அதுலதான். கொட்பேயில இருந்தும் இறக்கக்கண்டிப் பக்கத்தில இருந்தும் வாற மீன் ரெஜிபோம் பெட்டியில ஐஸோட வரும், முந்தி பெட்டியோட தராசில வச்சு ஒரு குத்துமதிப்பா ஐஸுக்குக் கழிச்சுப் பில் போடுறதுதான் வழக்கம். மீனை ஐஸால எடுத்து ஓட்டைத் தட்டில தண்ணி வடிய விட்டு நிறுக்கலாமே எண்டு சொன்னது சூ ஷெஃப், அது என்ட யோசனை இல்ல. ஆனா அதை ஒவ்வொரு நாளும் நடக்கிற வேலையா மாத்தினது நான், ரிசீவிங் கொப்பியில பில் நிறைக்கு ஒரு கட்டம், வடிச்ச நிறைக்கு ஒரு கட்டம், கொண்டு வந்த ஆள்ட கையெழுத்துக்கு ஒரு கட்டம் எண்டு போட்டு, விடிய வாற லொறிக்கும் நானோ எங்கட உதவியாள் தம்பியோ கட்டாயம் நிக்கிற மாதிரி டியூட்டியை மாத்தினன். ஒரு உதாரணம், ஜூன் 8 வந்த அறுக்குளாவும் விளைமீனும் பில்லில 42.5 கிலோ, வடிச்ச பிறகு 39.2 கிலோ. ஒரே பில்லில 3.3 கிலோ வித்தியாசம்.

ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் முடிய, அதாவது எங்கட சீசன் முழுக்க, பில்லில வந்த நிறை 5,840 கிலோ, வடிச்ச நிறை 5,530 கிலோ. அந்த 310 கிலோவில 286 கிலோவுக்கு சப்ளையர்மார் சம்மதிச்சுப் பில்லைத் திருத்தினாங்க, அந்தந்த நாள் விலைக்கு அது 6,11,400 ரூபா. மிச்சம் 24 கிலோவுக்கு வாக்குவாதம் வந்து நாங்க விட்டுக் குடுத்தது, அதை நான் சேர்க்கல்ல. டெலிவரியில 90 சதவீதத்துக்கு ரெண்டு நிறையும் எழுதோணும் எண்டு நீங்க தந்த இலக்குக்கு 171 டெலிவரியில 168க்கு எழுதியிருக்கு. ஃபுட் கொஸ்ட் குறைஞ்சது முழுக்க இதாலதான் எண்டு நான் சொல்லமாட்டன், மே மாதம் மெனு விலையும் கூடினது, ரெண்டும் ஒரே நேரத்தில நடந்தது. நான் பொறுப்பெடுத்துச் சொல்லக்கூடியது அந்த 286 கிலோ மட்டும்தான், ஆனா அது தானா நடந்ததும் இல்ல, மூண்டு சப்ளையர்மாரோட ஒவ்வொருத்தராக் கதைச்சு, அவங்கட தராசையும் எங்கட தராசையும் ஒரே மீனை வச்சு ஒப்பிட்டுக் காட்டின பிறகுதான் கோபப்படாம ஒத்துக்கொண்டாங்க, ஒருத்தரும் எங்களை விட்டுப் போகவும் இல்ல.

அடுத்தது ஸ்டொக். மார்ச் 31 அக்கவுண்ட்ஸ் ஆக்கள் வந்து எண்ணினதில உலர் சாமான் ஸ்டோர்ல கொப்பிக்கும் கையிருப்புக்கும் வித்தியாசம் 0.8 சதவீதம், போன வருசம் 3.1, இலக்கு 1.5. 2024 ஜனவரியில வற் 15ல இருந்து 18க்கு ஏறினதால பில் காசை முந்தின வருசத்தோட ஒப்பிட்டா பிழையான படம் வரும், அதாலதான் சதவீதமாப் போடுறன். குறைஞ்சதுக்கு முக்கிய காரணம் ராத்திரி துண்டில்லாம சாமான் எடுக்கிறது ஓகஸ்டோட நிண்டது, திறப்பு டியூட்டி மனேஜர்ட கையில, துண்டு எழுதாம ஒரு பக்கெட் சீனியும் வெளிய போகாது. திறப்பு முறையை எழுதிக் குடுத்தது நான், ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு எழும்பி வந்து திறந்து குடுத்தது டியூட்டி மனேஜர்மார், அவங்க ஒத்துழைக்காட்டி இந்த 0.8 வந்திராது. பார் ஸ்டொக் இதுக்குள்ள இல்ல, அது தனிக் கணக்கு.

குளிரறை பற்றி ஒரு நாளை மட்டும் சொல்றன். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முழு நாட்டிலயும் கரண்ட் போனதே, அண்டைக்கு ஜெனரேட்டரை ஓட்டினதும் லோடைப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுத்ததும் எஞ்சினியரிங் ஆக்கள். என்ட பங்கு என்னெண்டா, டீசல் டாங்கை ஒவ்வொரு நாளும் காலையில டிப் பாத்து எழுதி 150 லீற்றருக்குக் கீழ போக விடாம வச்சிருந்தது, அண்டு காலை 180 லீற்றர் இருந்தது. கரண்ட் போன நேரத்தில இருந்து கதவைத் தேவையில்லாமத் திறக்க விடாம, மணித்தியாலத்துக்கு ஒருக்கா வெப்பநிலை எழுதினன். உறைகுளிர் அறை மைனஸ் 19ல இருந்து ஆகக் கூட மைனஸ் 16 வரைக்கும்தான் வந்தது, இரவு ஏழு மணிக்குத் திரும்ப மைனஸ் 18. ஒண்டும் வீசேல்ல. அந்தத் தாளில எக்ஸிகியூட்டிவ் ஷெஃப் கையெழுத்து வச்சிருக்கார், குளிரறை ஃபைல்ல முன்னுக்கே இருக்கு.

முடியாமப் போனது, டிசம்பருக்குள்ள எல்லாச் சாமானையும் புது சொஃப்ட்வெயாருக்கு ஏத்துற வேலை. 1,640 சாமானில 1,220 ஏத்தியாச்சு, மிச்சம் 420, அதில கனக்க எஞ்சினியரிங் பார்ட்ஸ்தான், மற்றது லினன். பார்கோட் பிரிண்டர் ஜனவரியில வந்தது ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் ஒரே பார்ட்டுக்கு எஞ்சினியரிங்ல ஒரு பேர், எங்கட கொப்பியில ஒரு பேர், அதை ரெண்டு பகுதியும் இருந்து தீர்க்காம ஏத்தினா குழப்பம்தான் மிஞ்சும் எண்டு நிப்பாட்டி வச்சிருக்கு. எஞ்சினியரிங் சீஃபோட கதைச்சாச்சு, கிழமைக்கு ஒரு பின்னேரம் ஒதுக்கித் தாறம் எண்டிருக்கார், ஜூன் முடிவுக்குள்ள முடியும்.

உதவியாள் தம்பி இப்ப தனியா ரிசீவிங் பாக்கிறார். தம்புள்ளை மரக்கறி லொறி வந்தா சாக்கில அமுங்கின தக்காளியை பிரிச்சு எடுத்து அங்கேயே திருப்பிக் குடுக்கிற அளவுக்குத் தேறிட்டார், நான் லீவில நிண்ட நாளிலயும் கொப்பியில இடைவெளி இல்ல. அவருக்குப் பழக்கினது நான்தான், ஆனா கெதியாப் பிடிச்சது அவர்ட கெட்டித்தனம், அவர்ட அப்ரைசல்ல இதையும் சேர்த்துப் பாருங்க சேர்.

ஐந்துக்கு எத்தனை எண்டு கேட்டிருக்கு. ரிசீவிங் 5, இலக்கைத் தாண்டியிருக்கு, கொப்பி இருக்கு. ஸ்டொக் 4, எண்ணிக்கை நல்லம் ஆனா அரைவாசி மற்றாக்கள்ட உழைப்பு. குளிரறை 4. சொஃப்ட்வெயார் 2, இலக்கு டிசம்பர், இப்ப ஏப்ரல்.

வாற வருசத்துக்கு ரெண்டு விசயம் கேக்கிறன். மீன் நிறுக்க தண்ணி படக்கூடிய தராசு ஒண்டு, இப்ப இருக்கிறது ஈரத்தில அடிக்கடி எரர் காட்டுது, ரெண்டு கொட்டேஷன் எடுத்து வச்சிருக்கன். மற்றது உணவுப் பாதுகாப்புக் கோர்ஸ் ஒண்டுக்கு என்னை அனுப்புறது, சீசன் முடிஞ்சு மாரி தொடங்கிற நேரம் எண்டா வேலைக்கும் இடைஞ்சல் வராது. வியாழன் மீட்டிங்குக்கு ரிசீவிங் கொப்பி, மார்ச் 31 எண்ணின தாள், குளிரறை ஃபைல் மூண்டையும் கொண்டு வாறன். கொட்டேஷனும் அதோட இருக்கும், மே மாதம் கெஸ்ட் கூடுறதுக்கு முதல் தராசுக்கு ஒரு முடிவு தந்தீங்களெண்டா உதவியா இருக்கும் சேர்.