ஊக்கு

காட்சி 3 – நகரப் பேருந்து / உள்ளே / காலை

மதுரை. பெரியாரிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் பேருந்து, நிற்க இடமில்லை. வசனம் கிடையாது, இசையும் வேண்டாம். இன்ஜின் இரைச்சலும் நடத்துநரின் விசிலும் போதும்.

இருக்கையின் ஓரத்தில் அவள். பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி அவன். தோளில் ஜோல்னாப் பை, வார் பாதி கிழிந்திருக்கிறது.

இருபது ரூபாயை நீட்டுகிறான். அவள் வாங்கி முன்னால் கொடுக்கிறாள். டிக்கெட்டும் சில்லறையும் கை மாறிக் கை மாறித் திரும்பி வருகின்றன. வாங்கும்போதுதான் அவள் முகத்தைப் பார்க்கிறான். அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

பிரேக். பை சரிகிறது. அவள் கை நீட்டி அதை மடியில் வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

நெருக்கத்தில் அவள் விரல்கள். (இங்கே அவசரமே கூடாது.) வளையலில் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, வாரில் குத்தி, ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். அவன் வெளியே பார்ப்பதுபோல் நிற்கிறான். கண் மட்டும் அந்த ஊக்கில்.

பசுமலை. பை கை மாறுகிறது. படியில் நின்று திரும்புகிறான். கூட்டம் அவளை மறைக்கிறது.

காட்சி 4 – அதே பேருந்து / மறுநாள் காலை

வார் புதிதாகத் தைக்கப்பட்டிருக்கிறது. ஊக்கு அவன் சட்டைப் பையின் விளிம்பில். அவள் அதைப் பார்க்கிறாள். அப்புறம், பைக்காகக் கை நீட்டுகிறாள்.